வளைகாப்புக்கு நான் போடத் தவறிய நேரப் பட்டியல்

சென்ற வைகாசியில் என் தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பை மதுரையில் எங்கள் வீட்டிலேயே நடத்தினேன். அம்மா இல்லாத வீடு; என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார்; அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அதனால் அழைப்பு முதல் பாத்திரம் கழுவுவது வரை எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. மண்டபம் எடுக்கும் அளவுக்குக் கூட்டம் இல்லை, மொத்தம் 60 பேர், அவர்களில் நலங்கு வைக்க வேண்டிய பெண்கள் 38 பேர். வாங்க வேண்டிய பொருள்களுக்கு மூன்று பக்கத்தில் பட்டியல் எழுதியிருந்தேன். பன்னீர்ச் செம்பு வரை எதுவும் விடுபடவில்லை. ஆனால் எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அன்றைக்கு நடந்த அத்தனை குழப்பமும் அந்த ஒரு குறையிலிருந்து வந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாள்காட்டியில் கௌரி நல்ல நேரம் 10.45 முதல் 11.45 வரை என்று இருந்தது. ஞாயிறன்று 12 மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். பலூன் அலங்காரம் செய்பவர் காலை 6 மணிக்கு வருவதாகச் சொல்லி 8 மணிக்கு வந்தார். கூடத்தில் அவர் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்ததால் கோலம் போடவும் நாற்காலி போடவும் முடியவில்லை. அவர் முடித்தபோது மணி 10.40. விருந்தினர் 10.15 முதலே வரத் தொடங்கி, மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேன் 11.05க்குத்தான் வந்தது. சீர்த்தட்டுகளை வாங்கி வைத்துவிட்டு நலங்கைத் தொடங்கியபோது 11.10. தங்கையை மட்டும் 10.15க்கே உட்காரவைத்துவிட்டோம். ‘விழா முடிந்து சாப்பிடட்டும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவளுக்குக் காலையில் ஒரு தம்ளர் பால் மட்டும் கொடுத்திருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

11.45க்கு எண்ணிப் பார்த்தேன். 35 நிமிடத்தில் 13 பேர்தான் முடித்திருந்தார்கள். கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, இரண்டு கைக்கும் வளையல் போட்டு, அட்சதை தூவி, படத்துக்கு நின்று எழுந்து போக ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 38 பேருக்கு அந்தக் கணக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். கையில் இருந்த நல்ல நேரமோ ஒரு மணி நேரம். அதிலும் 25 நிமிடம் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டது. இந்தப் பெருக்கலை முந்தைய வாரமே நான் போட்டிருக்க வேண்டும். 12 மணி ஆனதும் அத்தை நிறுத்தச் சொன்னார். தொடங்கியது நல்ல நேரத்தில்தான், தொடரலாம் என்றார் சம்பந்தி அம்மா. பத்து நிமிடம் இதே பேச்சு. நடுவில் உட்கார்ந்திருந்த தங்கையின் இரண்டு கைகளிலும் முழங்கைக்குப் பாதி வரை வளையல் ஏறி, மேலே போட இடமில்லாமல் சிலவற்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. போட்ட வளையலைக் கழற்றியது அத்தைக்கு மேலும் மனக்கஷ்டம். 12.50க்குக் கடைசிப் பெண் வளையல் போட்டபோது தங்கை என் கையைப் பிடித்து, “அக்கா, கண்ணு இருட்டிட்டு வருது” என்றாள். உள்ளே கொண்டுபோய் இடது பக்கமாகப் படுக்கவைத்து, சர்க்கரை போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்த பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய பாதங்கள் வீங்கி, மெட்டி பதிந்திருந்தது.

சாப்பாட்டில் நேர்ந்தது அடுத்த தவறு. சமையல்காரருக்கு அன்று வேறொரு திருமணமும் இருந்ததால் 8.30க்கே சாதங்களை இறக்கிவிட்டுப் போவதாகச் சொன்னார். வேலை முடிந்ததே என்று நானும் சம்மதித்தேன். இலை போட்டது 1.10க்கு. வைகாசி வெயிலில், மூடிய பாத்திரத்துக்குள் தேங்காய் சாதம் நான்கரை மணி நேரம் இருந்தால் என்ன ஆகும்? மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது, கையில் எடுத்தால் நூல் போல இழுத்தது. தயிர் சாதமும் வாயில் வைக்க முடியாத புளிப்பு. புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் எலுமிச்சை சாதமும் நன்றாக இருந்தன. இரண்டாம் பந்திக்கு அருகில் இருந்த மெஸ்ஸில் 25 சாப்பாடு வாங்கிவரச் சொன்னேன். ஒன்று 130 ரூபாய் வீதம் 3,250 ரூபாய். கொட்டிய சாதத்தின் விலை 2,200. பலூன்களை ஒட்டிய பசைநாடா சுவரின் வண்ணத்தை உரித்துக்கொண்டு வந்ததால் அந்தச் சுவருக்கு மறுபடி வண்ணம் அடிக்க 2,800. ஆக 8,250 ரூபாய் வீணாயிற்று. இரவு 9 மணி வரை தனியாகக் கூட்டிக் கழுவியபோது காலில் வளையல் சில்லு ஏறியது வேறு.

எட்டு மாதம் கழித்து, தை மாதத்தில், சித்தப்பா மகளுக்கும் எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு வைக்கச் சொல்லி சித்தி கேட்டார். மீண்டும் ஞாயிற்றுக்கிழமை, அதே 10.45. பெண்கள் 34 பேர், மொத்தம் 55 பேர். இம்முறை ஒரு முழுத்தாளில் மூன்று கட்டம் போட்டேன்: நேரம், வேலை, யார். காலை 5.30இலிருந்து கீழ்நோக்கி எழுதவில்லை. முதலில் தாளின் நடுவில் 10.45 என்று எழுதி, அதிலிருந்து பின்னோக்கிப் போனேன், பிறகு 11.45 என்று எழுதி அதிலிருந்து முன்னோக்கிப் போனேன். நல்ல நேரம் நம் கையில் இல்லை. மற்ற வேலைகளை அதற்குத் தக்கபடி நகர்த்தலாம். அந்தத் தாளைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

அலங்காரத்தை முந்தைய நாள் மாலைக்கு மாற்றினேன். சனிக்கிழமை 5 மணிக்குச் சோபாவும் மேசையும் படுக்கையறைக்குப் போயின. வாடகைக்கு எடுத்த இரும்புச் சட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, அதில் பச்சைப் பட்டுப்புடவை ஒன்றை மடிப்பு வைத்துத் தொங்கவிட்டு, சாமந்திச் சரங்களைக் கட்டினோம். சுவரில் எதுவும் ஒட்டவில்லை. இருவர் செய்ததில் 50 நிமிடம் ஆனது. சாமந்தி இரவு முழுவதும் வாடாமல் நிற்கும். மல்லிகை அப்படி நிற்காது, அதை மறுநாள் காலையில்தான் வாங்க வேண்டும். 7.30க்குத் தாம்பூலப் பை. தேங்காய், மஞ்சள், குங்குமம், பாக்கு, ரவிக்கைத் துணி ஆகியவற்றை இரவே போட்டு வைக்கலாம். வெற்றிலையை மட்டும் காலையில் போட வேண்டும். இரவே போட்டால் அது வெந்ததுபோல் துவண்டு, ரவிக்கைத் துணியிலும் ஈரம் ஏறும். ஒரு பைக்கு ஒரு நிமிடம் என்று 45 பைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியது சரியாக இருந்தது.

8.30க்கு வளையல். இதை எந்தக் காரணத்துக்காகவும் காலைக்குத் தள்ளிவைக்காதீர்கள். கண்ணாடி வளையலின் அளவை 2.4, 2.6, 2.8 என்று சொல்வார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது, அதாவது 2.6 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். ஏழாம் மாதத்தில் கை வீங்கியிருக்கும் என்பதால், வழக்கமாகப் போடும் அளவை வாங்கினால் கட்டைவிரல் கணுவில் சிக்கிக்கொள்ளும். முதல் வளைகாப்பில் என் நேரத்தை மிகவும் தின்றது இந்தச் சிக்கல்தான். இம்முறை அந்த வாரமே சித்தப்பா மகளின் கையில் ஒரு வளையலைப் போட்டுப் பார்த்துவிட்டு ஓர் அளவு பெரிதாக வாங்கினோம். கட்டிலிருந்து அவிழ்த்து, இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்த்தேன். நல்ல வளையல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மட்டும் மண்சட்டியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். 12 டஜனில் ஐந்து வளையல் அப்படி அகப்பட்டன. கையில் ஏறும்போது அவை உடைந்திருந்தால் தோலைக் கிழித்திருக்கும். பெரியவர்கள் மனமும் நொந்திருக்கும்.

ஞாயிறு காலை 5.30க்குத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு வாசலில் கோலம். 6.15க்குச் சித்தப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கிவந்தார். முகூர்த்த நாளாக இருந்தால் மல்லிகை விலை ஏறிவிடும் என்பதால் முந்தைய நாளே கடைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தோம். பூவை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தோம். 8 மணிக்குக் கர்ப்பிணிக்கு நான்கு இட்லியும் ஒரு தம்ளர் பாலும் என்று எழுதி, எதிரே என் பெயரைப் போட்டிருந்தேன், வேறு யாரிடமும் விடவில்லை. 8.30 முதல் 9.45 வரை தலைப்பின்னலும் புடவையும். பூ வைத்துச் சடை பின்னுவதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும். அதை 20 நிமிடம் என்று எழுதினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா வரியும் பொய்யாகும். 10 மணிக்குச் சந்தனம் குழைத்தோம். முன்னதாகக் குழைத்தால் கிண்ணத்திலேயே காய்ந்து ஏடு கட்டிவிடும். பூசும்போது உதிர்ந்து புடவையில் விழும்.

அழைப்பில் 10.45 என்று சொல்லாமல் 10 மணி என்று சொன்னோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும், சீர்த்தட்டு வாங்க நேரம் வேண்டும் என்ற காரணத்தையும் சொல்லி, 9.45க்கு வரும்படி வேண்டிக்கொண்டோம். காரணம் சொன்னதால் அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, 10.05க்கு வந்துவிட்டார்கள். 10.35க்கு எதிரே ‘கழிவறை’ என்று எழுதியிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியை மணிக்கணக்கில் உட்காரவைக்கப் போகிறவர்கள் இந்த வரியை மறந்தால், அவள் வெளியே சொல்ல முடியாமல் தவிப்பாள். என் தங்கை அன்று அப்படித்தான் தவித்தாள் என்பதை வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். 10.42க்கு நாற்காலியில் அமர்வு. முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்குக் கீழே மனை.

10.45க்கு விளக்கேற்றிப் பிள்ளையாரை வணங்கி, 10.48க்கு வேப்பிலைக் காப்பு. அதன்பின் நலங்கை இரண்டாகப் பிரித்தோம். வயதில் மூத்த சுமங்கலிகள் ஐந்து பேர் முழு நலங்கும் செய்து, இரண்டு கைக்கும் வளையல் போட்டார்கள். ஒருவருக்கு இரண்டரை நிமிடம். மற்ற 29 பேரும் சந்தனம், குங்குமம், அட்சதை வைத்து ஒரு கையில் ஒரே ஒரு வளையல் போட்டார்கள். முதலாமவர் வலக்கை, அடுத்தவர் இடக்கை என்று மாறி மாறி. பன்னீரை வாசலில் வரவேற்கும்போதே எல்லோருக்கும் தெளித்துவிட்டோம். இப்படிச் செய்தால் ஒருவருக்கு ஒரு நிமிடமும் சில நொடிகளும் போதும். ஒரு கைக்கு இருபது வளையலுக்குள் அடங்கியதால் எதையும் கழற்ற வேண்டியதில்லை; கடைசியில் அத்தையே எண்ணிப் பார்த்து இரண்டு கையிலும் ஒற்றைப்படை ஆக்கினார். நாற்காலிக்கு இருபுறமும் இருவரை நிறுத்தியிருந்தேன். ஒருவர் சந்தனக் கிண்ணத்தை நீட்டுவார், மற்றவர் அடுத்த வளையலை எடுத்துக் கையில் கொடுப்பார். வளையலைத் தேடும் நேரம் அதனால் முற்றிலும் மிச்சமாயிற்று. யாருக்கும் குறைவாகத் தோன்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாட்டை அத்தையிடமும் சம்பந்தி வீட்டுப் பெரியவரிடமும் ஒரு வாரம் முன்பே நேரில் போய்ச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தேன். விழா நடக்கும் இடத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் அது அவமதிப்பாகத் தெரிந்திருக்கும்.

நேரம் பார்ப்பதற்கென்று பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகனை நியமித்தேன். அவனுக்கு வேறு வேலையே கிடையாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் முன்னதாக, உரியவரின் காதருகே போய்ச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரே இதைச் செய்ய முடியாது. வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டே கடிகாரமும் பார்ப்பது யாராலும் ஆகாது. 11.41க்கு ஆரத்தி என்று எழுதியிருந்தேன். நடந்தது 11.51க்கு. ஒவ்வொருவரும் தனியாகப் படம் எடுத்துக்கொள்ள நின்றதில் அந்தப் பத்து நிமிடம் போயிற்று. எமகண்டத்துக்கு முன்பே முடிந்துவிட்டதால் பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நலங்கு நடக்கும்போது தனிப்படம் வேண்டாம், ஆரத்திக்குப் பிறகு 15 நிமிடம் அதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று இப்போது தாளில் திருத்தி வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு இம்முறை வேறு சமையல்காரர். அரிசி ஆறு கிலோ. ஒரு கிலோ அரிசி கலந்த சாதமாக எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். பாத்திரங்கள் 11.15க்கும் 11.30க்கும் இடையில் இறங்க வேண்டும், அதற்கு முன் கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். சமைத்த சாதம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கோடை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ஆகவே எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அடுப்பிலிருந்து எப்போது இறக்குவீர்கள் என்றும் கேட்க வேண்டும். தயிர் சாதத்தை அவரிடம் சொல்லவில்லை. வெள்ளைச் சாதம் மட்டும் வாங்கி, குழைய மசித்து ஆறவைத்து, பால் நிறைய ஊற்றி, தயிர் இரண்டு கரண்டி மட்டும் சேர்த்து 11.30க்கு வீட்டிலேயே கலந்தோம். 11.55க்குக் கர்ப்பிணிக்கு முதல் இலை. 12.10க்கு முதல் பந்தி, 28 இலை, 12.50க்கு இரண்டாம் பந்தி, 27 இலை. ஒரு பந்திக்கு 35 நிமிடமும் இடையில் இலை எடுத்துத் துடைக்க ஐந்து நிமிடமும் கணக்கு வைத்தது அப்படியே நடந்தது. கிளம்புகிறவர்களைத் தேடி ஓடாமல் தாம்பூலம் கொடுக்க, 12.45 முதல் இருவர் வாசலிலேயே பைகளோடு அமர்ந்திருந்தார்கள்.

துப்புரவு 1.30க்கு. எல்லோரும் போன பிறகு தொடங்கினால் உதவிக்கு ஆளே இருக்காது. ஆகவே இரண்டாம் பந்தி முடியும்போதே, அண்ணியும் சித்தியும் வீட்டில் இருக்கும்போதே, அது தொடங்க வேண்டும். முதலில் நலங்கு நடந்த இடம். தரையில் சிந்திய சந்தனமும் பன்னீரும் கால் வழுக்கும். அதைவிட ஆபத்து வளையல் சில்லு. துடைப்பத்தால் கூட்டிய பிறகு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த சில்லுகள் ஒவ்வொன்றும் மின்னும். பிசைந்த கோதுமை மாவு உருண்டையை அதன்மேல் ஒற்றினால் தூள்கூட ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படி 11 சில்லுகள் எடுத்தோம், அதன் பிறகுதான் குழந்தைகளைக் கூடத்தில் விட்டேன். ஆரத்தி நீரை உடனே தெருமுனையில் ஊற்றிவிட வேண்டும். தாம்பாளத்தோடு ஓரமாக வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு தரைக்கல் இடுக்கில் ஏறினால் எளிதில் போகாது.

இலைகள் ஒரு சாக்கிலும், காகிதக் குவளைகள் இன்னொரு சாக்கிலும் போயின. ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வருமா என்று சனிக்கிழமையே கேட்டு வைத்திருந்தேன். வராது என்று தெரிந்ததால் இலைச் சாக்கை இறுகக் கட்டி மொட்டைமாடியில் வைத்தோம். 2.30க்குச் சமையல்காரரின் பாத்திரங்களை, வாங்கும்போது எழுதிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருப்பினோம். ஒரு கரண்டி குறைந்தது, தண்ணீர்த் தொட்டியருகில் கிடைத்தது. 3.10க்குச் சோபா கூடத்துக்குத் திரும்பியது. இரும்புச் சட்டத்தை எடுக்க வாடகைக் கடைக்காரர் 4 மணிக்கு வந்தபோது, சித்தப்பா மகள் வளையல் குலுங்கும் கையைக் கன்னத்தடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளருகில் உட்கார்ந்து, தாளில் 11.41 என்பதை அடித்து 11.51 என்று எழுதிக்கொண்டிருந்தேன்.